நல்லெண்ணெய்: ஐட்டம் கணிப்பைக் கூட்டினால் 960, கேட்டகிரி கணிப்பு 1,080. எதை வைத்து ஆர்டர் போடுவது?

வைகைக்கரை · 3 செப்டம்பர் 2024, காலை 9.15

அக்டோபர் ஆர்டர் இந்த வாரம் போட வேண்டும். மதுரையில் ஒரு கிடங்கு, அதிலிருந்து 11 கடைகளுக்குச் சரக்கு போகிறது. நல்லெண்ணெயில் ஒரே பிராண்ட், மூன்று அளவுகள். மென்பொருள் ஒவ்வொரு அளவுக்கும் தனியாகக் கணிப்பு தருகிறது. 1 லிட்டர் பாக்கெட் 600 லிட்டர், 500 மில்லி 300 லிட்டர், 200 மில்லி பாட்டில் 60 லிட்டர். கூட்டினால் 960.

விற்பனை மேலாளர் நல்லெண்ணெய் மொத்தமாக 1,080 லிட்டர் போகும் என்கிறார். அவர் எண்ணை வைத்துத்தான் கொள்முதலுக்குப் பணம் ஒதுக்குகிறார்கள். என் எண்ணை வைத்துத்தான் ஆர்டர் போகிறது. நடுவில் 120 லிட்டர் யார் கணக்கிலும் இல்லாமல் நிற்கிறது.

இதுவரை நான் செய்தது எளிது: 1,080-ஐ 960-ஆல் வகுத்தால் 1.125, எல்லா ஐட்டத்தையும் அதால் பெருக்கிவிடுவேன். போன தீபாவளிக்கு அப்படிச் செய்து 1 லிட்டர் பாக்கெட் ஜனவரி வரை அடுக்கிலேயே கிடந்தது, 200 மில்லி பாட்டில் பண்டிகைக்கு முன்பே காலியானது. கூட்டல் சரியாக வந்தது, சரக்கு சரியாக வரவில்லை. இந்த முறை அப்படிச் செய்ய மனம் வரவில்லை.

பட்டுநூல் · 3 செப்டம்பர், காலை 10.02

எங்கள் ஜவுளிக்கடையிலும் இதே தொல்லைதான். மாதக் கடைசியில் ஐட்டம்வாரி இருப்பும் குரூப் இருப்பும் ஒட்டாது. பெரும்பாலும் ரிட்டர்ன் வந்த புடவையை வேறு குரூப்பில் வரவு வைத்திருப்பார்கள். ரிட்டர்ன் பதிவுகளை முதலில் பாருங்கள்.

வைகைக்கரை · 3 செப்டம்பர், காலை 10.20

அது இருப்புக் கணக்கு. நான் கேட்பது இன்னும் விற்காத அக்டோபரைப் பற்றி. இரண்டு பேர் இரண்டு உயரத்திலிருந்து ஒரே மாதத்தைப் பார்க்கிறோம், எண்கள் ஒட்டவில்லை. ஆனால் ரிட்டர்ன் விஷயத்தையும் பார்க்கிறேன், தவறான குரூப்பில் பதிவு இருந்தால் கணிப்பும் கெடும்.

சேலம் கணக்கர் · 3 செப்டம்பர், பகல் 12.40

தம்பி, இதில் யோசிக்க ஒன்றுமில்லை. மொத்த எண்தான் எப்போதும் சரி. ஒரு அளவு ஏறும்போது இன்னொன்று இறங்கும், மொத்தத்தில் அது கழிந்துவிடும். அதனால் 1,080-ஐ எடுத்துக்கொண்டு மூன்று அளவுக்கும் பங்கு போட்டுப் பிரியுங்கள். ஆனால் உங்கள் 960-ல் உள்ள பங்கை வைத்துப் பிரிக்காதீர்கள். தீபாவளிக்கு முந்தைய 30 நாள் பில்லை எடுத்து அதில் என்ன பங்கோ அதை வைத்துப் பிரியுங்கள். நாற்பது வருடமாக எண்ணெய் மண்டிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன், சின்ன பாட்டில் அப்போது மட்டும் பத்தில் ஒரு பங்கை நெருங்கும்.

மாடிப்படி · 3 செப்டம்பர், இரவு 9.30

எட்டு வருடம் இந்த வேலைதான் பார்த்தேன். கணக்கர் ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மொத்தக் கணிப்பின் பிழை சதவீதத்தில் சிறியதாக இருக்கும், உண்மை. ஆனால் "எப்போதும்" என்று சொல்ல முடியாது. 500 மில்லி மெல்ல மெல்ல 1 லிட்டரின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால், அது ஐட்டம் எண்ணில் தெரியும், மொத்தத்தில் தெரியாது. பழைய பங்கை வைத்துப் பிரித்தால் அந்தச் செய்தியை நாமே அழித்துவிடுகிறோம்.

மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று ஒன்றை மட்டும் நம்ப வேண்டியதில்லை. இரண்டு எண்ணுக்கும் எவ்வளவு நம்பிக்கை என்று தெரிந்தால் நடுவில் ஒரு புள்ளி கிடைக்கும். வைகைக்கரை, கடந்த மாதங்களில் ஒவ்வொரு கணிப்பும் எவ்வளவு தவறியது என்று வைத்திருக்கிறீர்களா? கணிப்பு போட்ட அன்றைக்கு இருந்த எண் வேண்டும், பிறகு திருத்தியது வேண்டாம்.

வைகைக்கரை · 4 செப்டம்பர், காலை 8.50

இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் ஆர்டர் தாளை அப்படியே சேமித்திருக்கிறேன். பிழையின் திட்ட விலக்கம் லிட்டரில்: 1 லிட்டர் பாக்கெட் 40, 500 மில்லி 50, 200 மில்லி 30. மேலாளரின் மொத்த எண்ணுக்கு 50.

மாடிப்படி · 4 செப்டம்பர், இரவு 10.10

சரி, இதுவே போதும். ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்துங்கள். ஐட்டங்கள் 1,600, 2,500, 900, கூட்டினால் 5,000. மொத்தக் கணிப்பு 2,500. எல்லாம் சேர்த்து 7,500.

120 லிட்டர் இடைவெளியை இந்த 7,500-ல் உள்ள பங்குப்படி பிரிக்கிறோம். யாருடைய கணிப்பை அதிகம் நம்ப முடியாதோ அவர் அதிகம் நகர வேண்டும். 1 லிட்டர் பாக்கெட் 25.6 ஏறும், 500 மில்லி 40 ஏறும், 200 மில்லி 14.4 ஏறும். மேலாளரின் எண்ணும் 40 இறங்கும். எல்லோரும் 1,040-ல் சந்திப்பார்கள்.

உங்கள் 1.125 முறையில் 1 லிட்டர் பாக்கெட் 75 லிட்டர் ஏறியிருக்கும். நன்றாகக் கணித்துக்கொண்டிருந்த ஐட்டம் அது. அளவில் பெரியது என்பதற்காக மட்டும் அதன் தலையில் ஏற்றினீர்கள். ஜனவரி வரை கிடந்ததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

எக்செலில் B2 முதல் B4 வரை ஐட்டம் கணிப்பு, B6-ல் மொத்தக் கணிப்பு, C-யில் அவற்றின் திட்ட விலக்கம் என்று வைத்தால், D2-ல் இதைப் போட்டு D4 வரை இழுக்கலாம்:

```
=B2+($B$6-SUM($B$2:$B$4))*C2^2/(SUMSQ($C$2:$C$4)+$C$6^2)
```

ஐட்டம், கேட்டகிரி என்று இரண்டே மட்டம் இருந்து, பிழைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நகராமல் இருந்தால் இது சரியான விடை. விக்ரமசூரிய, அதனசோபுலோஸ், ஹைன்ட்மன் மூவரும் 2019-ல் வெளியிட்ட பொதுவான முறையின் மிகச் சின்ன வடிவம் இது.

வைகைக்கரை · 5 செப்டம்பர், காலை 7.40

போட்டுப் பார்த்தேன். 625.6, 340, 74.4. கூட்டினால் 1,040. வெகு நாள் கழித்து ஒரு தாளில் எல்லா எண்ணும் ஒட்டி வந்ததைப் பார்த்தேன், மகிழ்ச்சியாக இருந்தது.

ஆனால் ஆர்டர் பட்டனை அழுத்தும் முன் ஒரு சந்தேகம். 500 மில்லி மட்டும் ஏன் 50? 1 லிட்டரில் பாதிதான் விற்கிறது, பிழை மட்டும் அதைவிடப் பெரிது. இன்று அதைத் தோண்டப் போகிறேன்.

வைகைக்கரை · 5 செப்டம்பர், இரவு 11.05

கிடைத்துவிட்டது. மார்ச்சில் 500 மில்லி பாக்கெட்டின் வடிவத்தை மாற்றினார்கள், புது பார்கோடு வந்தது. எங்கள் மென்பொருளில் அது புது ஐட்டமாக உட்கார்ந்துவிட்டது. மென்பொருளுக்கு அந்த எண்ணெய் மார்ச்சில்தான் பிறந்தது. போன தீபாவளியையே அது பார்த்ததில்லை. கேட்டகிரி வரிசையில் பழைய பார்கோடும் புது பார்கோடும் சேர்ந்தே கூடியிருக்கின்றன, அதனால் மேலாளரின் எண்ணில் இந்தப் பள்ளம் இல்லை.

இரண்டு பார்கோடையும் இணைத்து மறுபடி ஓட்டினேன். 500 மில்லி 300-லிருந்து 345 ஆனது. பழைய மாதங்களையும் அதேபோல் திரும்ப ஓட்டிப் பார்த்தால் பிழை 50-லிருந்து 40-க்கு இறங்கியது. 120 இடைவெளியில் 45 லிட்டர் இந்த ஒரு பார்கோடு.

இதைத் தோண்டாமல் நேற்றைய சூத்திரத்தோடு நிறுத்தியிருந்தால் அந்த 45 லிட்டரை நான்கு பேருக்குப் பங்கு போட்டிருப்பேன். 1 லிட்டர் பாக்கெட்டுக்கும் பாட்டிலுக்கும் இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

மாடிப்படி · 6 செப்டம்பர், காலை 6.55

இதை நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒவ்வொரு கணிப்பும் சில மாதம் மேலே, சில மாதம் கீழே என்று தவறலாம், ஆனால் ஒரே பக்கமாகத் தவறிக்கொண்டே இருக்கக் கூடாது. பார்கோடு மாறியது, கடையில் சரக்கு இல்லாமல் விற்பனை பூஜ்யமாகப் பதிவானது, இரண்டுமே ஒரே பக்கப் பிழைகள். சரக்கு இல்லாத நாள்களை "யாரும் வாங்கவில்லை" என்று மென்பொருள் படித்துக்கொள்ளும். பத்து ஐட்டத்தில் இப்படி நடந்தால் கீழிருந்து கூட்டிய எண் எப்போதுமே குறைவாக வரும்.

இடைவெளிக்கு + அல்லது − குறி போட்டு மாதாமாதம் ஒரு வரி எழுதி வையுங்கள். ஆறு மாதம் தொடர்ந்து ஒரே குறி வந்தால் பங்கு போடுவதை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும்.

மருந்துக்கிடங்கு · 6 செப்டம்பர், பகல் 1.30

அந்தச் சூத்திரத்தை என் கிடங்கில் போட்டேன். மருந்து மொத்த வியாபாரம், ஒரு கேட்டகிரியில் 70 ஐட்டம். பாதி ஐட்டம் மாதத்தில் மூன்று ஸ்ட்ரிப்கூடப் போகாது, சில மாதம் ஒன்றுமே போகாது, திடீரென்று ஒரு நாள் முப்பது கேட்பார்கள். எனக்கு மொத்தக் கணிப்பு ஐட்டம் கூட்டலைவிடக் குறைவு. விடை என்ன தெரியுமா? ஒரு ஊசி மருந்துக்கு −3. மைனஸ் மூன்றை எப்படி ஆர்டர் போடுவது?

மாடிப்படி · 6 செப்டம்பர், இரவு 9.45

திடீரென்று முப்பது கேட்பதால் அந்த ஐட்டத்தின் பிழை அதன் விற்பனையைவிடப் பல மடங்கு பெரிது. அதனால் குறைக்க வேண்டியதில் பெரும்பங்கு அதன் தலையில் விழுகிறது. −3-ஐ வெறுமனே 0 என்று மாற்றினால் கூட்டல் மறுபடி ஒட்டாது. அதை 0 என்று உறுதி செய்து வரிசையிலிருந்து எடுத்துவிட்டு, மீதி ஐட்டங்களோடு இன்னொரு முறை ஓட்டுங்கள். வேறு ஏதாவது மைனஸ் வந்தால் அதையும் அப்படியே. இரண்டு மூன்று சுற்றில் நிற்கும்.

ஆனால் இவ்வளவு அரிதாகப் போகும் மருந்துகளை இதில் சேர்க்கவே நான் தயங்குவேன். உயிர் காக்கும் ஊசிக்கு 0 என்று ஒரு கணக்கு சொன்னாலும் இரண்டாவது வைத்திருக்கத்தானே வேண்டும். அவற்றைத் தனியே எடுத்து "குறைந்தபட்சம் இத்தனை" என்று வைத்துவிட்டு, ஓடுகிற ஐட்டங்களை மட்டும் ஒட்டவையுங்கள்.

மருந்துக்கிடங்கு · 6 செப்டம்பர், இரவு 10.15

அப்படியானால் மொத்தக் கணிப்பையும் அந்த ஐட்டங்கள் இல்லாமல் புதிதாகப் போட வேண்டுமே.

மாடிப்படி · 6 செப்டம்பர், இரவு 10.20

ஆமாம், போட வேண்டும்.

பட்டுநூல் · 7 செப்டம்பர், காலை 11.30

இப்போதுதான் நீங்கள் எதைப் பேசுகிறீர்கள் என்று பிடிபட்டது. அப்படியானால் என் கதை உங்களுக்கு நேர் எதிர். தீபாவளிக்கு வருகிற புடவையில் முக்கால்வாசி புது டிசைன். அதற்கு வரலாறே கிடையாது, ஐட்டம் கணிப்பு என்று ஒன்று இருக்கவே முடியாது. பழகிய விலை வரிசை மட்டும்தான் கையில் இருக்கிறது: இந்த விலைக்குள் இத்தனை புடவை, அதில் அரக்கு இத்தனை, பச்சை இத்தனை. மேலிருந்து கீழே பிரிப்பதைத் தவிர எனக்கு வேறு வழி உண்டா?

மாடிப்படி · 7 செப்டம்பர், மாலை 4.00

இல்லை, உங்களுக்கு அதுதான் வழி. கணிப்பை நம்பத்தகுந்த இடத்தில் போடுங்கள், உங்களுக்கு அது விலை வரிசை. அங்கிருந்து கீழே பங்கு, மேலே கூட்டல். முதல் பத்து நாள் விற்பனை வந்ததும் பங்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை · 8 செப்டம்பர், காலை 9.00

ஆர்டர் எண்கள்: புதிய கூட்டல் 1,005, இடைவெளி 75. சூத்திரத்தில் போட்டால் 1 லிட்டர் 618, 500 மில்லி 363, பாட்டில் 70, மொத்தம் ஏறக்குறைய 1,052. மேலாளரிடம் தாளைக் காட்டினேன். "என் எண்ணில் 28 லிட்டர் ஏன் குறைத்தாய்" என்று கேட்டார். அவருடைய பழைய பிழைகளைக் காட்டினேன், ஒத்துக்கொண்டார். எண்ணைக் குறைத்ததைவிட அவருடைய பிழையை ஒருவர் எழுதி வைத்திருக்கிறார் என்பதுதான் அவருக்கு வியப்பு.

அப்புறம் முதலாளி ஒரு கேள்வி கேட்டார், என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சேஃப்டி ஸ்டாக் நூற்றுக்கு 95 முறை தீராமல் இருக்க, பிழையை 1.65-ஆல் பெருக்கி வைக்கிறோம். மூன்று அளவுக்கும் தனித்தனியாகப் போட்டால் 66, 66, 49.5, மொத்தம் 181.5 லிட்டர். மொத்த நல்லெண்ணெய்க்கு ஒரே கணக்காகப் போட்டால் 50-ஐ 1.65-ஆல் பெருக்கி 82.5 லிட்டர். "கணிப்பை ஒட்டவைத்தாய் அல்லவா, இதையும் ஒட்டவை" என்கிறார்.

சேலம் கணக்கர் · 8 செப்டம்பர், காலை 10.45

82.5-ஐ எடுத்துப் பங்கு போடுங்கள். 99 லிட்டருக்கான பணம் மிச்சம். முதலாளி கேட்பது நியாயம்.

மாடிப்படி · 8 செப்டம்பர், இரவு 8.20

இதை அப்படிச் செய்யக் கூடாது. மொத்தத்தில் பிழை சின்னதாக இருப்பதற்கு நீங்களே முதல் நாள் காரணம் சொன்னீர்கள்: ஒன்று ஏறும், ஒன்று இறங்கும், கழிந்துவிடும். கணக்கில் கழியும், கடை அடுக்கில் கழியாது. 500 மில்லி தீர்ந்திருக்கும்போது 1 லிட்டர் பாக்கெட் மிஞ்சியிருந்தால் தாளில் மொத்தம் சரி, வாடிக்கையாளர் வெறுங்கையோடு போகிறார்.

கணிப்பு என்பது சராசரி, சராசரிகள் கூடும். சேஃப்டி ஸ்டாக் சிதறலிலிருந்து வருகிறது, அது அப்படிக் கூடாது. பிழைகள் தனித்தனியாக நகர்ந்தால் 40, 40, 30 மூன்றும் சேர்ந்து 110 ஆகாது, 64 தான் ஆகும். எல்லாம் சேர்ந்தே நகர்ந்தால்தான் 110. ஐட்டம் சேஃப்டி ஸ்டாக்கின் கூட்டல் கேட்டகிரிக்குப் போட்டதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும், அது தவறில்லை. பட்ஜெட்டைத்தான் 181.5 என்று எழுத வேண்டும்.

வைகைக்கரை · 8 செப்டம்பர், இரவு 9.05

ஒரு இடத்தில் ஐயா பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். எங்கள் கடையில் 500 மில்லி இல்லையென்றால் பாதிப்பேர் 1 லிட்டர் எடுத்துக்கொண்டு போகிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். அப்போது கொஞ்சம் கழியத்தானே செய்கிறது? பாட்டில் வாங்க வருபவர் மட்டும் மாற மாட்டார். அவருக்கு எண்ணெய்க் குளியலுக்கு ஒரு பாட்டில் போதும், 1 லிட்டரை வைத்து என்ன செய்வார்.

மாடிப்படி · 8 செப்டம்பர், இரவு 9.40

கழியும். எவ்வளவு என்று எண்ணிச் சொல்லத் தரவு வேண்டும், பில்லில் "வேறு கேட்டார், இது எடுத்தார்" என்று எங்கும் பதிவாவதில்லை. அதனால் உண்மை 82.5-க்கும் 181.5-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. நான் என்றால் முதல் இரண்டு அளவிலும் சற்றுக் குறைப்பேன், பாட்டிலில் கை வைக்க மாட்டேன்.

வைகைக்கரை · 9 செப்டம்பர், காலை 8.10

பாட்டிலுக்கு 70 கூட்டல் 50, 120 லிட்டர். பெட்டிக்கு 40 பாட்டில், அதாவது 8 லிட்டர், சரியாக 15 பெட்டி. ஆர்டர் போய்விட்டது. அக்டோபர் முடிந்ததும் எண்களோடு வருகிறேன்.

வைகைக்கரை · 4 நவம்பர் 2024, காலை 10.00

தீபாவளி 31-ம் தேதி வந்ததால் பண்டிகை விற்பனை முழுக்க அக்டோபருக்குள் விழுந்தது. விற்றது: 1 லிட்டர் 604, 500 மில்லி 371, பாட்டில் 98. மொத்தம் 1,073.

500 மில்லியில் 8 லிட்டர்தான் தவறு. பார்கோட்டை இணைத்ததன் பலன் இது, வேறு எதுவும் இல்லை. 1 லிட்டர் பாக்கெட் இந்த முறை தேங்கவில்லை. ஆனால் பாட்டிலில் 70 என்று சொல்லி 98 போயிருக்கிறது. சேஃப்டி ஸ்டாக்தான் காப்பாற்றியது, அதுவும் முழுதாக இல்லை. 29-ம் தேதியே மூன்று கடையில் பாட்டில் தீர்ந்தது, அன்றைக்குக் கிடங்கில் இரண்டு பெட்டி பிரிக்காமலே இருந்தது. ஒரு கடையில் வயதான அம்மா ஒருவர் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டுப் போனதாகப் பையன் சொன்னான். அது மனதில் நிற்கிறது.

மொத்தத்தைப் பாருங்கள். மேலாளர் முதலில் சொன்ன 1,080-க்கும் விற்ற 1,073-க்கும் 7 லிட்டர்தான் வித்தியாசம். நாங்கள் ஒட்டவைத்த 1,052-க்கு 21. அவர் சொன்னதைக் குறைத்தது தப்பா?

சேலம் கணக்கர் · 4 நவம்பர், காலை 11.15

1,080-ல் பாட்டிலுக்கு ஒன்பது சதவீதம் போட்டிருந்தால் 97. நான் செப்டம்பரிலேயே சொன்னேன்.

வைகைக்கரை · 4 நவம்பர், பகல் 12.00

சொன்னீர்கள் ஐயா. பழைய பில்களை நேற்று எடுத்துப் பார்த்தேன், தீபாவளிக்கு முந்தைய 30 நாளில் பாட்டிலின் பங்கு ஒன்பதுதான். சாதாரண மாதங்களில் ஆறு. அன்றைக்கே எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

மாடிப்படி · 4 நவம்பர், இரவு 9.50

ஐயா பாட்டிலில் சொன்னது சரி, நான் தவறவிட்டேன். ஏன் தவறியது என்பதைப் பிரித்துப் பார்க்கலாம்.

2022-ல் தீபாவளி அக்டோபர் 24, 2023-ல் நவம்பர் 12, இந்த வருடம் அக்டோபர் 31. ஐட்டம் மென்பொருள் "அக்டோபர்" என்று மாதத்தை மட்டும் பார்க்கிறது. போன வருடப் பண்டிகை விற்பனையில் ஒரு பகுதி நவம்பரில் இருந்ததால், அதையும் இந்த நவம்பருக்குத் தள்ளிவைத்திருக்கும். மேலாளருக்குத் தேதி தெரியும். பார்கோடு இணைத்த பிறகு மிஞ்சிய அந்த 75 லிட்டர் சிதறல் என்று நினைத்துப் பங்கு போட்டோம். அது சிதறல் அல்ல, தீபாவளி. மேலே இருப்பவருக்குத் தெரிந்தது கீழே இருக்கும் கணக்குக்குத் தெரியாததால் வந்தது.

பாட்டிலின் பிழை 30 என்று வைத்ததும் சாதாரண மாதங்களையும் கலந்து எடுத்தது. பண்டிகை மாதத்துக்கு அது பொருந்தாது. மூன்று அளவும் அன்றைக்கு ஒன்றாக ஏறும் என்பதையும் நம் சூத்திரம் கணக்கில் எடுக்கவில்லை. சேர்ந்து நகர்வதையும் எடுத்துக்கொள்ளும் வடிவம் உண்டு. ஆர் மொழியில் `min_trace` என்ற கட்டளையில் `mint_shrink` என்று கொடுத்தால் போதும். ஆனால் தீபாவளியை ஐட்டம் கணிப்புக்குள் போடாமல் அந்த வடிவத்தை ஓட்டினாலும் பாட்டில் 98-க்குப் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை.

மருந்துக்கிடங்கு · 5 நவம்பர், காலை 9.20

மூன்று கடையில் தீர்ந்து கிடங்கில் மிஞ்சியது வேறு விஷயம் அல்லவா? அளவுக்குக் கீழே இன்னொரு மட்டம் இருக்கிறது, கடை. அதை நீங்கள் ஒட்டவைக்கவே இல்லை.

வைகைக்கரை · 5 நவம்பர், காலை 9.50

உண்மை. பாட்டிலை போன வருட மொத்த விற்பனைப் பங்குப்படி 11 கடைக்கும் அனுப்பினேன். தீர்ந்த மூன்றும் பழைய குடியிருப்புகள் இருக்கும் பக்கம். அங்கே பாட்டில் அதிகம் போகும், 1 லிட்டர் குறைவு. கடைக்கும் அளவுக்கும் சேர்த்துக் கணித்தால் 33 வரிசை, ஒவ்வொன்றும் மிகச் சின்ன எண். அவ்வளவு சின்ன எண்ணைக் கணிப்பதற்கு, எல்லாப் பாட்டிலையும் முதலிலேயே அனுப்பாமல் மூன்றில் ஒரு பங்கைக் கிடங்கில் வைத்துக்கொண்டு 26-ம் தேதி பார்த்து அனுப்புவது நல்லது என்று தோன்றுகிறது. அடுத்த வருடம் அதைச் செய்யப் போகிறேன்.

மாடிப்படி · 5 நவம்பர், இரவு 10.30

வால்மார்ட் தரவை வைத்து 2020-ல் நடந்த எம்5 போட்டியில் இதே கேள்விதான் வந்தது. 10 கடை, 3,049 பொருள், கீழே 30,490 வரிசை, மேலே கூட்டியதெல்லாம் சேர்த்து 42,840. முதல் பரிசு பெற்றவர் கீழ்மட்டத்தைக் கணித்து மேலே கூட்டினார். இரண்டாம் பரிசு பெற்றவர் மேல்மட்டத்துக்குத் தனிக் கணிப்பு போட்டு அதோடு ஒத்துப்போகும்படி கீழ்மட்டத்தைச் சரிசெய்தார். யார் பக்கம் என்று அதிலிருந்தும் தீர்ப்பு எழுத முடியாது.

1,080-ஆ 1,052-ஆ என்ற உங்கள் கேள்விக்கும் ஒரு மாதத்தை வைத்துப் பதில் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு மாதத்தைப் பின்னோக்கி ஓட்டுங்கள். கணக்கர் ஐயா முறை, 1.125 முறை, இந்தச் சூத்திரம், மூன்றையும் ஒரே தாளில் வையுங்கள். தீபாவளியில் ஐயா முறையும் மற்ற மாதங்களில் சூத்திரமும் வெல்லும் என்பது என் ஊகம்.

சேலம் கணக்கர் · 6 நவம்பர், காலை 7.30

ஓட்டிப் பாருங்கள். பொங்கலிலும் நான்தான் வெல்வேன்.

வைகைக்கரை · 17 நவம்பர், மாலை 6.15

ஓட்டிக்கொண்டிருக்கிறேன், ஏழு மாதம் முடிந்தது. அந்த ஏழிலும் இடைவெளியின் குறி கலந்தே வருகிறது, நல்ல செய்தி. ஏழில் ஐந்தில் சூத்திரம் ஐட்டம் அளவில் சிறிய பிழை தருகிறது. ஐயா முறை ஒரு மாதத்தில் மோசமாகத் தவறியது, 500 மில்லிக்குச் சலுகை விலை வந்த மாதம், பங்கு தலைகீழாகிவிட்டது.

நடுவில் இன்னொன்று கிடைத்தது. ஜூனில் நல்லெண்ணெய் கேட்டகிரிக்குள் விளக்கு எண்ணெய் இரண்டு ஐட்டம் யாரோ சேர்த்திருக்கிறார்கள். மேலாளரின் மொத்தத்தில் அது இருக்கிறது, என் ஐட்டம் பட்டியலில் இல்லை. எத்தனை லிட்டர் என்று நாளை பில்லைப் பார்த்துத்தான் தெரியும். அதை எடுத்துவிட்டு ஜூனிலிருந்து மறுபடி ஓட்ட வேண்டும். அவருடைய 1,080-லும் அது கொஞ்சம் இருந்திருக்கும், என் 1,073-ல் இல்லை. அப்படியானால் அன்றைக்கு 7 லிட்டர்தான் தவறு என்று எழுதியதையும் திருத்த வேண்டும்.